முடி மொத்தமாக மெலிகிறது, ரிப்போர்ட் எல்லாம் நார்மல்: எந்த சீரம் நல்லது?

கோவைமல்லிகை | ஜூலை 6

வணக்கம். வயது 36, கோவை, பள்ளி ஆசிரியை. ஜனவரியிலிருந்து முடி கொட்டுகிறது. ஒரே இடத்தில் சொட்டை இல்லை, தலை முழுக்க மெலிந்துவிட்டது. பின்னல் முன்பு இருந்த தடிமனில் பாதிதான் இருக்கும். ரப்பர் பேண்டை இரண்டு சுற்று சுற்றிய இடத்தில் இப்போது நான்கு சுற்று. கொட்டும் முடியின் நுனியில் வெள்ளையாகக் குமிழ் இருக்கிறது, வேரோடு வருகிறதோ என்று பயமாக இருக்கிறது.

தைராய்டுக்கு நான்கு வருடமாக மாத்திரை போடுகிறேன். ஏப்ரலில் பார்த்த டெஸ்ட்டில் ஹீமோகுளோபின் 12.1, பி12 410, இரண்டும் நார்மல். டி.எஸ்.ஹெச் மட்டும் 0.2 என்று குறைவாக வந்ததால் டாக்டர் 75-லிருந்து 50 மைக்ரோகிராமாகக் குறைத்தார். ஜூனிலிருந்து கொட்டுவது இன்னும் அதிகம். எந்த ஹேர் சீரம் நல்லது என்று பயன்படுத்தியவர்கள் சொல்லுங்களேன்.

செம்பருத்திப்பூ | ஜூலை 6

கவலைப்படாதே கண்ணு. சீரம் எல்லாம் காசுக்குக் கேடு. வாரம் இரண்டு நாள் ஆட்டுச் சுவரொட்டி வாங்கி மிளகு போட்டு வதக்கிச் சாப்பிடு, ரத்தம் ஊறும். கூடவே கரிசலாங்கண்ணித் தைலம். என் மகளுக்குப் பிரசவத்துக்குப் பிறகு கொத்துக் கொத்தாகக் கொட்டியது, இப்படித்தான் சரியானது.

கோவைமல்லிகை | ஜூலை 6

நன்றி அம்மா, ஆனால் நாங்கள் சுத்த சைவம்.

சிடுமூஞ்சி | ஜூலை 7

ஹீமோகுளோபின் 12 இருந்தால் இரும்புச்சத்து சரியாக இருக்கிறது என்று அர்த்தம், அதை விட்டுவிடுங்கள். உங்கள் அம்மாவுக்கோ அத்தைக்கோ நடு வகிடு அகலமாக இருக்கிறதா பாருங்கள். இருந்தால் பரம்பரை. லேப்காரர்கள் பேக்கேஜ் பேக்கேஜாக விற்பதற்காகத்தான் இந்த வைட்டமின் கதையெல்லாம்.

சோதனைக்குழாய் | ஜூலை 7

லேப்காரன் ஒருவன் வருகிறேன், மதுரையிலிருந்து. பயோகெமிஸ்ட்ரி பிரிவில் பல வருட வேலை. பேக்கேஜ் வியாபாரம் பற்றிச் சிடுமூஞ்சி சொல்வது பொய்யில்லை. ஆனால் ஹீமோகுளோபினை மட்டும் பார்த்து இரும்பு சரி என்று சொல்ல முடியாது. உடம்பு இரும்பைச் சேமித்து வைப்பதைக் காட்டுவது ஃபெரிட்டின். அடுப்பில் சோறு வழக்கம்போல வெந்துகொண்டிருக்கும், குதிரில் நெல் தீர்ந்திருக்கும். ஹீமோகுளோபின் இறங்குவது கடைசிக் கட்டம். அதற்குப் பல மாதம் முன்பே ஃபெரிட்டின் ஒற்றை இலக்கத்துக்கு வந்திருக்கலாம். உங்கள் பட்டியலில் அந்த டெஸ்ட்டே இல்லை.

வெள்ளைக் குமிழ் பற்றிப் பயப்பட வேண்டாம். அது வேர் இல்லை. வளர்ச்சி முடிந்து ஓய்வுக்குப் போன முடியின் அடி நுனி அப்படித்தான் இருக்கும். உடம்புக்குள் ஏதோ ஒன்று நிறைய முடிகளை ஒரே நேரத்தில் ஓய்வுக்கு அனுப்பினால், இரண்டு மூன்று மாதம் கழித்து அவை சேர்ந்து கொட்டும். அதனால் ஜனவரியில் கொட்டியதற்குக் காரணத்தை அக்டோபர், நவம்பரில் தேட வேண்டும்.

எனக்கு உறுத்துவது வேறு. டி.எஸ்.ஹெச் தைராய்டு ஹார்மோனுக்கு நேர்மாறாக ஓடும்: ஹார்மோன் குறைந்தால் அது ஏறும், மிஞ்சினால் இறங்கும். 0.2 என்றால் மாத்திரை அளவு மிஞ்சிவிட்டது என்று பொருள். அப்படி மிஞ்சினால் நெஞ்சு படபடக்கும், கை நடுங்கும், வியர்க்கும், எடை இறங்கும். ஏப்ரலில் உங்களுக்கு அப்படி ஏதாவது இருந்ததா? இன்னொன்று, முடிக்காக என்று கடையில் வாங்கி ஏதாவது மாத்திரை போடுகிறீர்களா?

கோவைமல்லிகை | ஜூலை 7

படபடப்பு எதுவும் இல்லை சார். நேர்மாறாக, எடை மூன்று கிலோ கூடியிருக்கிறது. மலச்சிக்கல், கோவைக் குளிரே தாங்க முடியவில்லை. வயதாகிறது என்று விட்டுவிட்டேன்.

மாத்திரை என்றால் பயோட்டின் மட்டும்தான், 10 மில்லிகிராம். பியூட்டி பார்லரில் சொன்னார்கள், பிப்ரவரியிலிருந்து தினமும். அது வெறும் வைட்டமின்தானே?

சோதனைக்குழாய் | ஜூலை 8

நான் சந்தேகப்பட்டது அதைத்தான். அந்த மாத்திரையை டாக்டரிடம் சொன்னீர்களா? பெரும்பாலும் யாரும் சொல்வதில்லை, அவர்களும் கேட்பதில்லை.

ஒரு நாளைக்கு உடம்புக்குத் தேவைப்படும் பயோட்டின் சுமார் 30 மைக்ரோகிராம். நீங்கள் போடுவது அதைப்போல முந்நூறு மடங்குக்கும் மேல். மிச்சம் சிறுநீரில் போய்விடும், ஆனால் போகும்வரை ரத்தத்தில் சுற்றும். பிரச்சினை எங்கே என்றால், பல லேப் மெஷின்களில் ஹார்மோன் அளக்கும் முறையே பயோட்டினை வைத்துத்தான் ஓடுகிறது. ஹார்மோனைப் பிடிக்கும் ஆன்டிபாடியில் பயோட்டின் ஒட்டப்பட்டிருக்கும், அந்தப் பயோட்டினைப் பற்றிக்கொண்டுதான் மெஷின் அதை இழுத்து எண்ணும். ரத்தத்திலேயே பயோட்டின் நிறைந்து கிடந்தால் மெஷின் அதைப் பற்றிக்கொள்ளும், எண்ண வேண்டியது நழுவிவிடும்.

டி.எஸ்.ஹெச் அளக்கும் முறையில் இதனால் விடை பொய்யாகக் குறையும். தைராய்டு ஹார்மோனான டி4-ஐ அளப்பது வேறு முறை, அதில் விடை பொய்யாகக் கூடும். இரண்டும் சேர்ந்தால் தைராய்டு மிஞ்சியதைப் போல அச்சு அசலாக ஒரு ரிப்போர்ட். பார்க்கும் டாக்டர் மாத்திரையைக் குறைக்கத்தான் செய்வார், அவர்மேல் தப்பில்லை. அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ 2017-லேயே பயோட்டின் பற்றி எச்சரிக்கை விட்டிருக்கிறது. மாரடைப்புக்குப் பார்க்கும் ட்ரோபோனின் டெஸ்ட்கூட இதனால் பொய்யாகக் குறைந்து காட்டலாம்.

எல்லா மெஷினும் இப்படி இல்லை. சில கம்பெனிகள் இந்த முறையையே பயன்படுத்துவதில்லை, சிலர் மாற்றிவிட்டார்கள். உங்கள் லேபில் எது என்று எனக்குத் தெரியாது. ஆனால் ரிப்போர்ட் ஒன்று சொல்ல, உடம்பு வேறு சொல்கிறதே, அதுதான் சந்தேகத்துக்குக் காரணம். உங்கள் பி12 410-ஐயும் நான் நம்பமாட்டேன். அதுவும் பொய்யாகக் கூடக்கூடிய டெஸ்ட், நீங்களோ சைவம்.

டாக்டரிடம் பயோட்டின் விஷயத்தைச் சொல்லுங்கள். அதை நிறுத்தி மூன்று நாலு நாள் கழித்து டி.எஸ்.ஹெச், ஃப்ரீ டி4, ஃபெரிட்டின், பி12, கூடவே ரத்த அணுக்களை எண்ணும் சி.பி.சி. எல்லாவற்றையும் ஒரே ரத்தத்தில் பாருங்கள். ஃபெரிட்டினும் சில மெஷின்களில் பயோட்டினால் தப்பாகும், அதனால் எல்லாமே நிறுத்திய பிறகுதான். காய்ச்சல், தொண்டை வலி இருக்கும் வாரத்தில் போகாதீர்கள். அப்போது ஃபெரிட்டின் தானாகவே ஏறும், குறைபாடு மறைந்துவிடும்.

பழையபுல்லட் | ஜூலை 9

நானும் இதே கேஸ்தான் நண்பர்களே. ஆண், 44 வயது. தலை மெலிகிறது, மூச்சு வாங்குகிறது. ஃபெரிட்டின் 9. மெடிக்கலில் இரும்பு டானிக் வாங்கிக் குடித்துக்கொண்டிருக்கிறேன். எத்தனை பாட்டில் குடித்தால் முடி வரும்?

சோதனைக்குழாய் | ஜூலை 9

உங்கள் கேஸ் வேறு நண்பரே. மாதவிலக்கு இருக்கும் பெண்ணுக்கு ஃபெரிட்டின் குறைய வெளிப்படையான வழி ஒன்று இருக்கிறது. ஆணுக்கு 9 என்றால் ரத்தம் எங்கோ போகிறது என்றுதான் முதலில் நினைக்க வேண்டும், அதுவும் வயிறு, குடல் பக்கம். மூலம், அல்சர், அரிதாகக் குடலில் கட்டி. வலி மாத்திரை அடிக்கடி போடுவீர்களா? டானிக் குடித்து எண்ணை ஏற்றிவிட்டால் காரணம் மறைந்துகொண்டே வளரும். முடியை அப்புறம் பார்க்கலாம், இந்த வாரமே பொது மருத்துவரிடம் போங்கள்.

பழையபுல்லட் | ஜூலை 9

முதுகுவலிக்கு மாத்திரை போடுவேன், கிட்டத்தட்ட தினமும். சரி, போகிறேன்.

கோவைமல்லிகை | ஜூலை 19

ரிசல்ட் வந்துவிட்டது. பயோட்டினை ஐந்து நாள் நிறுத்திவிட்டுக் கொடுத்தேன், லேப் அதேதான். டி.எஸ்.ஹெச் 11.4. ஃபெரிட்டின் 8. பி12 168. ஹீமோகுளோபின் 11.8. டாக்டர் அசந்துபோனார், இனி எல்லோரிடமும் இந்த மாத்திரையைக் கேட்பேன் என்றார். மறுபடி 75, கூடவே இரும்பு மாத்திரை, பி12 ஊசி.

ஒரு சந்தேகம். சி.பி.சி-யில் எம்.சி.வி 85, நார்மல். இரும்பு குறைந்தால் அது குறையும் என்று படித்தேனே?

சோதனைக்குழாய் | ஜூலை 19

ஆர்.டி.டபிள்யூ என்று ஒரு எண் இருக்கும் பாருங்கள், எவ்வளவு?

கோவைமல்லிகை | ஜூலை 19

17.8. பக்கத்தில் ஹை என்று போட்டிருக்கிறது.

சோதனைக்குழாய் | ஜூலை 19

இரும்பு குறைந்தால் சிவப்பணு சிறுக்கும். பி12 குறைந்தால் பெருக்கும். உங்களுக்கு இரண்டும் குறைவு, அதனால் சிறியதும் பெரியதும் கலந்து ஓடுகின்றன. எம்.சி.வி என்பது சிவப்பணு அளவின் சராசரி, அது நடுவில் நின்று நார்மல் என்று காட்டுகிறது. அணுக்களின் அளவு எவ்வளவு சிதறியிருக்கிறது என்பதைத்தான் ஆர்.டி.டபிள்யூ சொல்கிறது. சைவ வீடுகளில் இதை அடிக்கடி பார்க்கிறேன்.

மருந்துப்பெட்டி | ஜூலை 20

தஞ்சாவூரில் மெடிக்கல் வைத்திருக்கிறேன். இந்த இடத்தில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள், அதனால் கேட்கிறேன். இரண்டு மாத்திரையையும் எப்போது போடுகிறீர்கள்?

கோவைமல்லிகை | ஜூலை 20

காலையில் எழுந்ததும் தைராய்டு மாத்திரை, உடனே ஃபில்டர் காபி, பள்ளி அவசரம். மறக்காமல் இருக்க இரும்பையும் அதோடு சேர்த்துப் போட ஆரம்பித்திருக்கிறேன். வெறும் வயிற்றில் இரும்பு நன்றாக ஏறும் என்றார்களே.

மருந்துப்பெட்டி | ஜூலை 20

இப்படியே போனால் அடுத்த டெஸ்ட்டிலும் டி.எஸ்.ஹெச் இறங்காது, டாக்டர் 100 ஆக்குவார். இரும்பு குடலுக்குள் தைராய்டு மருந்தைக் கட்டிப்போட்டுவிடும், ரத்தத்துக்குள் போகவிடாது. கால்சியம் மாத்திரையும் அப்படியே. நடுவில் நான்கு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். காபியும் அந்த மருந்து ஏறுவதைக் குறைக்கும், அதனால் அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் பொறுங்கள். அஞ்சரைக்கே எழுபவர் என்றால் மாத்திரையைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு போட்டுவிட்டு வேலையைப் பாருங்கள், ஆறரைக்குக் காபி.

இரும்பை மதியச் சாப்பாட்டுக்கு முன்னால், அல்லது இரவு போடலாம். டீ, காபி, பால், தயிர் அதன் பக்கத்தில் வேண்டாம். எலுமிச்சைச் சாறோடு போட்டால் நல்லது. மலம் கறுப்பாகப் போகும், பயப்படாதீர்கள்.

செம்பருத்திப்பூ | ஜூலை 20

சைவம் என்றால் முருங்கைக்கீரையும் கேழ்வரகும் போதுமே, எதற்கு மாத்திரை? நம் முன்னோர்கள் மாத்திரையா போட்டார்கள்?

சோதனைக்குழாய் | ஜூலை 21

அம்மா, கீரை சாப்பிடட்டும், நல்லதுதான். ஆனால் கீரையிலும் தானியத்திலும் இருக்கும் இரும்பில் சிறு பங்குதான் உடம்பில் சேரும். நீங்கள் முதலில் சொன்ன சுவரொட்டியில் இருப்பது நன்றாகச் சேரும், அதை இவர் சாப்பிடமாட்டார். குறையாமல் பார்த்துக்கொள்ளக் கீரை உதவும். 8-க்கு வந்துவிட்டதை மேலே கொண்டுவர அது போதாது.

மல்லிகை, மாத்திரை வயிற்றைப் படுத்தினால் ஒருநாள் விட்டு ஒருநாள் போடலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். ஒருமுறை இரும்பு போட்டதும் உடம்பு ஒரு நாள் அளவுக்குக் கதவைச் சாத்திக்கொள்கிறது, மறுநாள் போடுவதில் சேர்வது குறைவு என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அப்புறம், மாதவிலக்கு எப்படி?

கோவைமல்லிகை | ஜூலை 21

போன வருடம் தீபாவளி சமயத்திலிருந்து அதிகம்தான். ஏழெட்டு நாள், கட்டி கட்டியாகவும் போகும். இது முடிக்குச் சம்பந்தமா?

சோதனைக்குழாய் | ஜூலை 21

உங்கள் ஃபெரிட்டின் போன வழி பெரும்பாலும் அதுதான். தைராய்டு குறைந்தால் உதிரப்போக்கு அதிகமாகும், அதனால் இரும்பு குறையும். தைராய்டு ஹார்மோனை உண்டாக்கும் நொதிக்கே இரும்பு வேண்டும் என்பது இன்னொரு பக்கம். மகளிர் மருத்துவரைப் பார்த்து ஸ்கேன் எடுங்கள். ஓட்டையை அடைக்காமல் ஊற்றிக்கொண்டிருப்பதில் பயனில்லை.

பழையபுல்லட் | ஆகஸ்ட் 11

எண்டோஸ்கோபி பார்த்தார்கள், சிறுகுடல் முகப்பில் அல்சர். வலி மாத்திரையின் வேலை என்றார் டாக்டர். நிறுத்திவிட்டேன், சிகிச்சை நடக்கிறது. பெருங்குடலையும் பார்க்கச் சொல்லியிருக்கிறார். மதுரை அண்ணனுக்கு நன்றி. முடி விஷயம் யாரும் சொல்லவில்லையே?

தோல்பிஜி | ஆகஸ்ட் 12

தோல் மருத்துவ மேற்படிப்பு மாணவி. புல்லட் சார், 44 வயதில் ஆணுக்கு நெற்றியும் உச்சியும் மட்டும் குறைந்தால் அது பெரும்பாலும் இரும்பு சரியானாலும் திரும்பாது. போட்டோ இல்லாமல் அதற்கு மேல் சொல்ல முடியாது.

நிலவொளி | ஆகஸ்ட் 15

எனக்கு வைட்டமின் டி 13. அதனால்தான் முடி கொட்டுகிறது என்று தோழி சொன்னாள், 60,000 யூனிட் பவுடர் பாக்கெட்டைத் தினம் ஒன்று குடிக்கிறேன். சீக்கிரம் ஏறட்டும் என்றுதான்.

மருந்துப்பெட்டி | ஆகஸ்ட் 15

இன்றே நிறுத்துங்கள் தாயி. அது வாரம் ஒன்று, டாக்டர் சொன்ன சில வாரங்களுக்கு மட்டும். தினம் குடித்தால் ரத்தத்தில் கால்சியம் ஏறி வாந்தி, சிறுநீரகக் கல் என்று போகும். எத்தனை குடித்தீர்கள் என்று டாக்டரிடம் சொல்லி, கால்சியம் பார்த்துவிடுங்கள்.

தோல்பிஜி | ஆகஸ்ட் 15

டி குறைவை எலும்புக்காகச் சரி செய்ய வேண்டும், அதில் சந்தேகமில்லை. ஆனால் முடிக்கு அதுதான் காரணம் என்று நிரூபணம் பலமாக இல்லை. நம் ஊரில் டி குறைவானவர்கள் ஏராளம், அவர்களில் பலருக்கு முடி அடர்த்தியாகவே இருக்கிறது.

கோவைமல்லிகை | செப்டம்பர் 21

இடைவெளி விட்டுப் போட ஆரம்பித்து இரண்டு மாதம். அதே 75-லேயே டி.எஸ்.ஹெச் 3.2-க்கு வந்துவிட்டது. குளிர் தாங்குகிறது, மலச்சிக்கல் போய்விட்டது. பி12 620. ஆனால் ஃபெரிட்டின் 19 மட்டுமே. கொட்டுவது குறைந்திருக்கிறது, நெற்றி ஓரம் குட்டிக் குட்டியாக முளைத்திருக்கிறது. லேப் தாளில் 19 நார்மல் என்று அச்சாகியிருக்கிறது. இரும்பை நிறுத்தலாமா?

சோதனைக்குழாய் | செப்டம்பர் 21

வேண்டாம். லேப் தாளில் கீழ் எல்லை 10, 15 என்று இருக்கும். அது இரும்பு காலியாகிவிட்டதா என்று பார்க்கும் எல்லை. முடிக்கு 70 வரை கொண்டுபோக வேண்டும்.

தோல்பிஜி | செப்டம்பர் 22

அண்ணா, இந்த 70-ஐ அவ்வளவு உறுதியாகச் சொல்ல முடியாது. எங்கள் துறையில் சிலர் 40 போதும் என்கிறார்கள், சிலர் 70 என்கிறார்கள். முடி கொட்டும் பெண்களையும் கொட்டாத பெண்களையும் ஒப்பிட்டு, ஃபெரிட்டினில் பெரிய வித்தியாசம் இல்லை என்று சொன்ன ஆய்வும் உண்டு. 19-ல் நிறுத்தக்கூடாது என்பதில் நானும் உங்கள் கட்சி. ஆனால் 45-ல் நிற்கும் ஒருவரை முடிக்காக மாதக்கணக்கில் இரும்பு போடச் சொல்லமாட்டேன்.

சோதனைக்குழாய் | செப்டம்பர் 22

70-ஐத் தாண்டிய பிறகுதான் நின்றது என்று சொன்ன பலரைப் பார்த்திருக்கிறேன்.

தோல்பிஜி | செப்டம்பர் 22

இந்த வகைக் கொட்டல் பலருக்குச் சில மாதத்தில் தானாகவே நிற்கும். அந்த நேரத்தில் ஃபெரிட்டின் எங்கே இருக்கிறதோ, அந்த எண்ணுக்கு நல்ல பெயர் போய்ச் சேர்கிறது.

சிடுமூஞ்சி | செப்டம்பர் 22

நான் கேட்டதற்கு இன்னும் பதில் வரவில்லை. அம்மாவின் வகிடு?

கோவைமல்லிகை | செப்டம்பர் 23

அம்மாவுக்கு ஐம்பது வயதிலிருந்து உச்சி தெரியும். போன வாரம் தோல் மருத்துவர் தலையில் கருவி வைத்துப் பார்த்தார். முன் உச்சியில் தடித்த முடியும் மெல்லிய முடியும் கலந்திருக்கிறதாம், பின்னந்தலையில் அப்படி இல்லையாம். பரம்பரையும் கொஞ்சம் ஆரம்பித்திருக்கலாம் என்று முடி வளர்வதற்கான மருந்தான மினாக்சிடில் எழுதித் தந்திருக்கிறார். இன்னும் வாங்கவில்லை.

சிடுமூஞ்சி | செப்டம்பர் 23

அதைத்தான் ஜூலையிலேயே சொன்னேன்.

தோல்பிஜி | செப்டம்பர் 23

பாதி சரி. பரம்பரை மட்டும் என்றால் கொத்தாகக் கொட்டாது, உச்சி மெல்ல மெல்லத் தெரியும். பின்னல் பாதியாகி, தலை முழுக்கக் கொட்டியது இரும்பும் தைராய்டும் பி12-ம் செய்த வேலை. அது மறைத்து வைத்திருந்ததைத்தான் இப்போது கருவியில் பார்க்கிறார்கள். இரண்டும் ஒரே தலையில் இருப்பது சாதாரணம்.

மினாக்சிடில் தொடங்கினால் முதல் ஒன்றிரண்டு மாதம் கொட்டுவது கூடலாம். இப்போதே தொடங்கினால் எது எதனால் என்று தெரியாது. நானாக இருந்தால் ஃபெரிட்டின் 40-ஐத் தொடும்வரை பொறுத்து, அதே ஜன்னல் வெளிச்சத்தில் மாதம் ஒரு வகிடு போட்டோ எடுத்து வைப்பேன். எங்கள் பேராசிரியர் இன்றே தொடங்கு என்பார். உங்கள் மருத்துவர் தலையை நேரில் பார்த்தவர், அவரிடமே கேளுங்கள்.

சோதனைக்குழாய் | செப்டம்பர் 24

இரண்டு மாதத்தில் 8-லிருந்து 19 என்பது மெதுவான ஏற்றம். உதிரப்போக்கு இன்னும் அப்படியே இருந்தால் கணக்கு சரி. அது குறைந்த பிறகும் ஏறாவிட்டால், இரும்பு சேரவில்லை என்று அர்த்தம். தைராய்டு ஆன்டிபாடி இருப்பவர்களில் சிலருக்கு வயிற்றின் உள்சுவரும் பாதிக்கப்பட்டு இரும்பும் பி12-ம் சேராமல் போவதுண்டு. சைவம் என்பதால் பி12 குறைந்தது என்று நானும் முடிவு கட்டிவிட விரும்பவில்லை. ஊசி என்பதால்தான் அது ஏறியிருக்கிறது, ஊசி வயிற்றைத் தொடுவதில்லை. ஸ்கேன் எடுத்தீர்களா?

கோவைமல்லிகை | செப்டம்பர் 24

வியாழக்கிழமை போகிறேன். ஆன்டிபாடி டெஸ்ட்டையும் எழுதித் தரச் சொல்லிக் கேட்கிறேன். அதற்கு முன்னால் நிறுத்த வேண்டிய மாத்திரை ஏதாவது இருக்கிறதா?

சோதனைக்குழாய் | செப்டம்பர் 24

பயோட்டின் திரும்பத் தொடங்கவில்லை என்றால் எதுவும் இல்லை. புதிதாக மல்டிவைட்டமின் ஏதாவது வாங்கியிருந்தால் டப்பாவின் பின்பக்கத்தைப் படித்துவிடுங்கள். தலைமுடி, தோல், நகம் என்று முன்பக்கம் எழுதியிருந்தால் உள்ளே அது இருக்கும்.